சார்காஃப் விதிகள்

சார்காஃப் விதிகள் என்பன ஈரிழை டி. என். ஏ. மூலக்கூறில் உள்ள நான்கு காரங்களின் அளவுகளுக்கு இடையிலான தொடர்பைக் கூறும் விதிகள் ஆகும். ஈரிழை டி. என். ஏ. ஒன்றில் அடினினின் அளவு தைமினின் அளவுக்குச் சமமாகவும், குவானினின் அளவு சைட்டோசினின் அளவுக்குச் சமமாகவும் இருக்கும் என்பதே இவற்றுள் முதன்மையானது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் எர்வின் சார்காஃப் (1905 - 2002) 1940களின் இறுதியில் தம் குழுவினருடன் நடத்திய வேதிப் பகுப்பாய்வுகளின் வழியே இதனைக் கண்டறிந்து, 1950 இல் தொகுத்து வெளியிட்டார். இவ்விதியின் துணையால், நான்கு காரங்களுள் ஏதேனும் ஒன்றின் விழுக்காடு தெரிந்தால் மற்ற மூன்றையும் கணக்கிட இயலும். எனினும் இக்கணக்கீடு ஈரிழை டி. என். ஏ. வுக்கு மட்டுமே பொருந்தும்.

## நியூக்கிளியோட்டைடின் அமைப்பு

டி. என். ஏ. இழை என்பது நியூக்கிளியோட்டைடுகள் எனப்படும் அலகுகள் வரிசையாக இணைந்த ஒரு நீண்ட சங்கிலி ஆகும். ஒவ்வொரு நியூக்கிளியோட்டைடும் மூன்று பகுதிகளைக் கொண்டது. அவை:

* டிஆக்சிரைபோசு என்னும் ஐந்து கரிம அணுக்கள் கொண்ட சர்க்கரை
* பாசுபேட்டுத் தொகுதி
* நைதரசன் காரம் (இலங்கை வழக்கில் நைதரசன் மூலம்)

சர்க்கரையில் உள்ள கரிம அணுக்கள் 1' முதல் 5' வரை எண்ணிடப்படுகின்றன. காரம் 1' கரிமத்துடன் இணைந்துள்ளது. பாசுபேட்டு 5' கரிமத்துடன் இணைந்து, அடுத்துள்ள நியூக்கிளியோட்டைடின் 3' கரிமத்தோடு பாலம் அமைக்கிறது. இவ்வாறு சர்க்கரையும் பாசுபேட்டும் மாறி மாறி அமைந்த ஒரு முதுகெலும்பு உருவாகிறது. இதனால் ஒவ்வோர் இழைக்கும் 5' முனை, 3' முனை என இரு வேறுபட்ட முனைகள் உண்டு. பாசுபேட்டு இல்லாமல் சர்க்கரையும் காரமும் மட்டும் இணைந்த பகுதி நியூக்கிளியோசைடு எனப்படும்.

சர்க்கரையும் பாசுபேட்டும் எல்லா நியூக்கிளியோட்டைடுகளிலும் ஒன்றே. வேறுபடுவது காரம் மட்டுமே. அடினின் (A), குவானின் (G) ஆகியவை இரண்டு வளையங்கள் கொண்ட பியூரின் வகையைச் சேர்ந்தவை. தைமின் (T), சைட்டோசின் (C) ஆகியவை ஒற்றை வளையம் கொண்ட பிரிமிடின் வகையைச் சேர்ந்தவை. எனவே பியூரின்கள் அளவில் பெரியவை, பிரிமிடின்கள் சிறியவை. கார இணைகள் அமைவதில் இவ்வளவு வேறுபாடு முக்கியப் பங்கு வகிக்கிறது.

## கார இணைகள்

இரட்டைச் சுருளில் இரு இழைகளும் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. ஓர் இழையின் 5' முனை இருக்கும் இடத்தில் மற்றதன் 3' முனை இருக்கும். முதுகெலும்புகள் வெளிப்புறமாகவும் காரங்கள் உட்புறமாகவும் அமைந்து, எதிரெதிராக உள்ள காரங்கள் ஐதரசன் பிணைப்புகளால் இணைகின்றன.

அடினின் தைமினுடன் இரண்டு ஐதரசன் பிணைப்புகளாலும், குவானின் சைட்டோசினுடன் மூன்று ஐதரசன் பிணைப்புகளாலும் இணையும். இத்தேர்வுக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது அளவு. இரண்டு பியூரின்கள் எதிரெதிரே வந்தால் சுருளின் அகலத்துக்குள் அவை அடங்கா. இரண்டு பிரிமிடின்கள் வந்தால் இடையே வெளி மிகுந்து ஒன்றையொன்று எட்டா. ஒரு பியூரினும் ஒரு பிரிமிடினும் சேரும்போது மட்டுமே இடைவெளி பொருந்துகிறது. இரண்டாவது காரணம், ஐதரசனை வழங்கும் இடங்களும் ஏற்கும் இடங்களும் நேருக்கு நேர் அமைய வேண்டும் என்பதாகும். அடினினுக்கு எதிரே சைட்டோசினை வைத்தால் அளவு பொருந்தினாலும், வழங்கும் இடத்துக்கு எதிரே வழங்கும் இடமும் ஏற்கும் இடத்துக்கு எதிரே ஏற்கும் இடமும் வந்துவிடுகின்றன. எனவே வழக்கமான வடிவில் அவ்விணை நிலைப்பதில்லை.

A-T இணையும் G-C இணையும் ஏறக்குறைய ஒரே அகலம் கொண்டவை. ஆகவே காரங்களின் வரிசை எவ்வாறு இருப்பினும் சுருளின் வடிவம் பெரிதும் மாறுவதில்லை.

## சமநிலை தோன்றும் விதம்

ஓர் இழையில் காரங்களின் அளவுகள் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு இழைகளையும் சேர்த்து எண்ணும்போதுதான் சமநிலை தோன்றுகிறது. பத்துக் காரங்கள் கொண்ட பின்வரும் துண்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

```
5'-AAGACTGAGA-3'
3'-TTCTGACTCT-5'
```

மேல் இழையில் A ஐந்து, G மூன்று, T ஒன்று, C ஒன்று உள்ளன. ஒவ்வொரு A வுக்கும் எதிரே ஒரு T இருப்பதால் கீழ் இழையில் T ஐந்து ஆகிறது. அவ்வாறே C மூன்று, A ஒன்று, G ஒன்று. இரண்டையும் கூட்டினால் இருபது காரங்களுள் A ஆறு, T ஆறு, G நான்கு, C நான்கு என வருகிறது. அதாவது A = T = 30%, G = C = 20%. மேல் இழையை மட்டும் பார்த்தால் அடினின் 50 விழுக்காடாகவும் தைமின் 10 விழுக்காடாகவும் இருப்பதைக் கவனிக்கவும்.

## வரலாறு

### நான்கும் சமம் என்ற கருதுகோள்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபீபசு லெவின் நியூக்கிளியோட்டைடின் பகுதிகளையும் அவை இணையும் முறையையும் விளக்கினார். நான்கு காரங்களும் சம அளவில், அதாவது ஒவ்வொன்றும் 25 விழுக்காடாக, நான்கு நான்காகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்னும் கருதுகோளும் அவர் பெயருடன் தொடர்புடையது. இது உண்மையாயின் டி. என். ஏ. எல்லா உயிரினங்களிலும் ஒரே மாதிரியாக இருக்கும். மரபுச் செய்தி எதையும் அது சுமக்க இயலாது. அக்காலத்தில் மரபுப் பொருள் புரதமாகவே இருக்கும் என்று பலர் எண்ணியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1944 இல் ஆசுவால்டு ஏவரி, காலின் மெக்லியோடு, மெக்லின் மெக்கார்ட்டி ஆகியோர் நுமோனியா பாக்டீரியத்தின் மரபுப் பண்பை மாற்றும் பொருள் டி. என். ஏ. என்று காட்டினர். இதனைப் படித்த சார்காஃப், டி. என். ஏ. மரபுப் பொருள் எனில் வெவ்வேறு உயிரினங்களின் டி. என். ஏ. வேதியியல் முறையில் வேறுபட்டிருக்க வேண்டும் என்று கருதி, அதை அளந்து பார்க்க முற்பட்டார்.

### அளந்த முறை

டி. என். ஏ. முதலில் அமிலத்தால் சிதைக்கப்பட்டுக் காரங்கள் தனித்தனியே விடுவிக்கப்பட்டன. அக்கலவை தாள் வண்ணப்பிரிகை முறையில் பிரிக்கப்பட்டது. கரைப்பான் தாளின் வழியே செல்லும்போது ஒவ்வொரு காரமும் வெவ்வேறு தொலைவு நகர்ந்து தனித்தனிப் புள்ளிகளாக நின்றது. அப்புள்ளிகளை வெட்டியெடுத்து, காரத்தைக் கரைத்து, அது புற ஊதாக் கதிரை எவ்வளவு உட்கவர்கிறது என்று அளந்தனர். உட்கவர் அளவிலிருந்து காரத்தின் அளவு பெறப்பட்டது.

முடிவுகள் லெவினின் கருதுகோளுக்கு மாறாக இருந்தன. நான்கு காரங்களும் சம அளவில் இல்லை. காரங்களின் விகிதம் இனத்துக்கு இனம் மாறியது. ஆனால் ஒரே உயிரினத்தின் வெவ்வேறு உறுப்புகளில் மாறவில்லை. அதே வேளையில் A/T, G/C ஆகிய இரு விகிதங்களும் எங்கும் 1க்கு அருகில் இருந்தன. இச்சமநிலையைக் குறிப்பிட்ட சார்காஃப், அதற்கான காரணத்தைக் கூறவில்லை.

### இரட்டைச் சுருள்

1952 மே மாதம் சார்காஃப் கேம்பிரிட்சில் யேம்சு வாட்சனையும் பிரான்சிசு கிரிக்கையும் சந்தித்து இவ்விகிதங்களைப் பற்றிக் கூறினார். எனினும் 1953 இன் தொடக்கத்தில் வாட்சன் ஒரே வகைக் காரங்கள் தமக்குள் இணையும் ஒரு மாதிரியையே முயன்று பார்த்தார். பாடநூல்களில் இருந்த குவானின், தைமின் ஆகியவற்றின் வடிவங்களில் ஐதரசன் அணுக்கள் தவறான இடத்தில் காட்டப்பட்டுள்ளன என்று வேதியியலாளர் செர்ரி டோனகு சுட்டிக்காட்டிய பின், வாட்சன் சரியான வடிவங்களை அட்டையில் வெட்டிப் பொருத்தினார். A-T, G-C ஆகிய இரு இணைகளும் ஒரே அகலத்தில் அமைந்தன. சார்காஃபின் விகிதங்களுக்கும் அத்துடன் விளக்கம் கிடைத்தது. இந்த மாதிரி 1953 ஏப்ரல் 25 ஆம் நாள் நேச்சர் இதழில் வெளிவந்தது. 1962 ஆம் ஆண்டின் நோபல் பரிசு வாட்சன், கிரிக், மாரிசு வில்கின்சு ஆகியோருக்கு வழங்கப்பட்டது. சார்காஃப் அதில் இடம்பெறவில்லை.

## விழுக்காடு கணக்கிடும் முறை

ஈரிழை டி. என். ஏ. வுக்கு மூன்று சமன்பாடுகள் போதுமானவை.

```
A = T
G = C
A + T + G + C = 100
```

முதலிரண்டையும் மூன்றாவதில் இட்டால் 2A + 2G = 100, அதாவது A + G = 50 என்று கிடைக்கும். கணக்கீடுகள் அனைத்தும் இவ்வொரு வரியிலிருந்தே பெறப்படுகின்றன.

ஒரு காரம் தெரிந்தால்: குவானின் 22% எனில் சைட்டோசினும் 22%. அடினின் 50 - 22 = 28%; தைமினும் 28%.

(A+T)/(G+C) விகிதம் தெரிந்தால்: இவ்விகிதத்தை r எனக் கொண்டால், G + C = 100 / (1 + r). எடுத்துக்காட்டாக r = 1.5 எனில் G + C = 100 / 2.5 = 40%. எனவே G = C = 20%, A = T = 30%.

G+C விழுக்காடு தெரிந்தால்: அதனை இரண்டால் வகுக்க வேண்டும். மனித மரபணுத்தொகுதியில் G+C சுமார் 41% ஆகும். ஆகவே G, C ஒவ்வொன்றும் சுமார் 20.5%, A, T ஒவ்வொன்றும் சுமார் 29.5%.

எல்லா விகிதங்களும் கணக்கீட்டுக்கு உதவா. A/T = 1 என்றோ, பியூரின்கள் 50% என்றோ தரப்பட்டால் அதிலிருந்து எதையும் பெற இயலாது; அவை எல்லா ஈரிழை டி. என். ஏ. வுக்கும் உண்மையே. உயிரினத்துக்கு உயிரினம் மாறக்கூடிய அளவு (A+T)/(G+C) மட்டுமே. மலேரியாவை உண்டாக்கும் பிளாசுமோடியம் ஃபால்சிபாரத்தில் G+C சுமார் 19% ஆகவும், மண்ணில் வாழும் சுடெரெப்டோமைசசு சீலிகலர் என்னும் பாக்டீரியத்தில் சுமார் 72% ஆகவும் உள்ளது.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. குவானின் 22% என்றால் மீதியுள்ள 78 விழுக்காட்டை மூன்றால் வகுப்பதோ, அல்லது சைட்டோசினைக் கழிக்காமல் 78 ஐ இரண்டால் வகுப்பதோ தவறாகும். விடை சரியா என்று அறிய, நான்கையும் கூட்டினால் 100 வருகிறதா என்பதுடன், ஒரு பியூரினும் ஒரு பிரிமிடினும் சேர்ந்த A + C யும் 50 வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

## அளந்த மதிப்புகள்

வேதிப் பகுப்பாய்வில் பெறப்பட்ட சில மதிப்புகள் கீழே விழுக்காட்டில் தரப்பட்டுள்ளன.

| உயிரினம் | A | T | G | C |
|---|---|---|---|---|
| மனிதன் | 29.3 | 30.0 | 20.7 | 20.0 |
| கோழி | 28.0 | 28.4 | 22.0 | 21.6 |
| ஈசுட்டு | 31.3 | 32.9 | 18.7 | 17.1 |
| எசரிக்கியா கோலை | 24.7 | 23.6 | 26.0 | 25.7 |

சமநிலை முழுமையாக இல்லாதது விதியின் குறைபாடு அன்று. அளவீட்டின் பிழையே ஆகும். பியூரின்களை விடுவிக்க மென்மையான அமிலம் போதுமானது. பிரிமிடின்களை விடுவிக்கக் கடுமையான சூழல் தேவை. அக்கடுமையில் காரங்களின் ஒரு பகுதி சிதைந்துவிடக்கூடும். இத்தகைய மதிப்புகளிலிருந்து உண்மை அளவை மதிப்பிட, இணையும் காரங்களின் சராசரி எடுக்கப்படுகிறது. ஈசுட்டுக்கு A = T = (31.3 + 32.9) / 2 = 32.1; G = C = (18.7 + 17.1) / 2 = 17.9. இவ்விரண்டின் கூட்டுத்தொகை 50.0 ஆவதைக் காணலாம்.

வேறுபாடு பெரிதாக இருந்தால் அதனை அளவீட்டுப் பிழை என்று விட்டுவிடக் கூடாது. கோதுமை முளையின் டி. என். ஏ. வில் G 22.7% ஆக இருக்க, C 16.8% மட்டுமே உள்ளது. சைட்டோசினின் ஒரு பகுதி 5-மெத்தில்சைட்டோசினாக மாறியிருப்பதே இதற்குக் காரணம். இதுவும் குவானினுடனே இணைகிறது. ஆனால் தாளில் தனிப் புள்ளியாகத் தெரியும். அதன் அளவான 6.0 விழுக்காட்டைச் சேர்த்தால் 22.8% ஆகி, சமநிலை திரும்புகிறது.

## விதி பொருந்தாத இடம்: ஃபை எக்ஸ் 174

ஃபை எக்ஸ் 174 என்பது எசரிக்கியா கோலை பாக்டீரியத்தைத் தாக்கும் ஒரு சிறிய வைரசு ஆகும். 1959 இல் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட்டு சின்சைமர் இதன் டி. என். ஏ. ஒற்றையிழையால் ஆனது என்று அறிவித்தார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, இதில் A யும் T யும் சமமாக இல்லை, G யும் C யும் சமமாக இல்லை என்பதாகும். வேறுபாடு அளவீட்டுப் பிழைக்கு அப்பாற்பட்டதாக இருந்தது.

1977 இல் பிரெடரிக்கு சேங்கரின் குழுவினர் இதன் காரவரிசையை முழுவதுமாகக் கண்டறிந்தனர். பின்னர் திருத்தப்பட்ட வரிசைப்படி இதில் 5386 காரங்கள் உள்ளன. எண்ணிக்கை பின்வருமாறு:

| காரம் | எண்ணிக்கை | விழுக்காடு |
|---|---|---|
| A | 1291 | 24.0 |
| T | 1684 | 31.3 |
| G | 1254 | 23.3 |
| C | 1157 | 21.5 |

(முழுமையாக்கியதால் விழுக்காடுகளின் கூட்டுத்தொகை 100.1 ஆகிறது.)

அடினின் 24.0% என்ற ஒரு மதிப்பை மட்டும் கொண்டு வழக்கமான முறையில் கணக்கிட்டால் T 24.0%, G 26.0%, C 26.0% என்று வரும். மூன்றும் தவறு. கணக்கில் பிழையில்லை, ஒற்றையிழைக்கு அதைப் பயன்படுத்தியதே பிழை.

இந்த வைரசு பாக்டீரியத்தினுள் நுழைந்த பின், அதன் இழைக்கு ஈடான மற்றோர் இழை உருவாக்கப்பட்டு, ஈரிழை வடிவம் தோன்றுகிறது. அவ்வடிவத்தின் காரங்களைப் பின்வருமாறு கணக்கிடலாம். புதிய இழையில் A 1684, T 1291, G 1157, C 1254 இருக்கும். இரண்டையும் கூட்டினால்:

```
A = T = 1291 + 1684 = 2975
G = C = 1254 + 1157 = 2411
மொத்தம் = 2 x (2975 + 2411) = 10772
A = T = 2975 / 10772 = 27.6%
G = C = 2411 / 10772 = 22.4%
```

விழுக்காட்டிலேயே கணக்கிட விரும்பினால், ஓர் இழையின் A, T மதிப்புகளின் சராசரியே ஈரிழையில் A வின் மதிப்பாகும்: (24.0 + 31.3) / 2 = 27.65. முழுமையாக்கிய எண்களைப் பயன்படுத்தியதால் இது மேலுள்ள மதிப்பிலிருந்து சிறிது வேறுபடுகிறது.

இவ்வெடுத்துக்காட்டில் மேலும் இரண்டைக் கவனிக்கலாம். (A+T)/(G+C) விகிதம் வைரசின் இழையில் 2975 / 2411 = 1.23, புதிய இழையிலும் ஈரிழையிலும் அதுவே. ஆனால் பியூரின்-பிரிமிடின் விகிதமாகிய (A+G)/(T+C) வைரசின் இழையில் 2545 / 2841 = 0.90, புதிய இழையில் அதன் தலைகீழான 1.12, ஈரிழையில் சரியாக 1. எனவே ஒரு டி. என். ஏ. ஒற்றையிழையா ஈரிழையா என்று அறிய இரண்டாவது விகிதமே உதவும்.

ஈரிழை வடிவில் உள்ள ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் பெறலாம். A-T இணைகள் 2975, G-C இணைகள் 2411. ஆகவே 2975 x 2 + 2411 x 3 = 5950 + 7233 = 13183. இங்கு காரங்களின் எண்ணிக்கையை அன்றி இணைகளின் எண்ணிக்கையையே பெருக்க வேண்டும். இல்லையெனில் விடை இருமடங்காகிவிடும்.

விகிதங்கள் 1 ஆக இருப்பது மட்டுமே ஈரிழைக்கு முழுச் சான்று ஆகாது. ஒற்றையிழை ஒன்றிலும் தற்செயலாக அவ்வாறு அமையலாம். விகிதங்கள் 1 இலிருந்து தெளிவாக விலகியிருந்தால், மாற்றமடைந்த காரங்கள் எவையும் விடுபடவில்லை என்று உறுதிசெய்த பின், அது ஈரிழை அன்று என முடிவு செய்யலாம்.

## உருகு வெப்பநிலை வழியே சரிபார்த்தல்

காரங்களைப் பிரிக்காமலே G+C அளவை அறியும் முறையும் உண்டு. ஈரிழை டி. என். ஏ. கரைசலைச் சூடாக்கும்போது இழைகள் பிரிந்து, புற ஊதாக் கதிர் உட்கவர்தல் அதிகரிக்கிறது. பாதியளவு பிரியும் வெப்பநிலை உருகு வெப்பநிலை எனப்படும். G+C மிகுந்தால் இது உயரும். 1962 இல் சூலியசு மார்மரும் பால் டோட்டியும் 0.15 மோலார் சோடியம் குளோரைடும் 0.015 மோலார் சிட்ரேட்டும் கொண்ட கரைசலுக்குப் பின்வரும் தொடர்பைத் தந்தனர்.

```
Tm = 69.3 + 0.41 x (G+C %)
```

G+C 40% எனில் உருகு வெப்பநிலை 69.3 + 16.4 = 85.7 பாகை செல்சியசு. உப்பின் அளவு மாறினால் இது பொருந்தாது. மிகக் குறுகிய துண்டுகளுக்கும் பொருந்தாது. G-C மிகுந்த சுருள் உறுதியாக இருப்பதற்கு மூன்றாவது ஐதரசன் பிணைப்பு மட்டும் காரணமன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட காரங்களுக்கு இடையிலான ஈர்ப்பே சுருளின் உறுதிக்குப் பெரும்பங்கு அளிக்கிறது.

## இரண்டாவது விதி

1968 இல் ருட்னர், கார்காசு, சார்காஃப் ஆகியோர் பாசிலசு சப்டிலிசு பாக்டீரியத்தின் இரு இழைகளையும் பிரித்துத் தனித்தனியே ஆராய்ந்தனர். ஒவ்வோர் இழையிலும் தனியாகவே A ஏறக்குறைய T க்கும், G ஏறக்குறைய C க்கும் சமமாக இருந்தன. இது சார்காஃபின் இரண்டாவது விதி எனப்படுகிறது. கார இணைவு இதனை விளக்காது. முதல் விதி ஒவ்வோர் இணைக்கும் பொருந்துவதால் அது துல்லியமானது. இரண்டாவது விதியோ நீண்ட ஈரிழை மரபணுத்தொகுதிகளில் தோராயமாக மட்டுமே காணப்படுகிறது. ஃபை எக்ஸ் 174 போன்ற ஒற்றையிழை வைரசுகளிலும், பல விலங்குகளின் இழைமணி டி. என். ஏ. விலும் இது பொருந்துவதில்லை. ஆகவே ஓர் இழையின் விழுக்காடுகளைக் கணக்கிட இதனைப் பயன்படுத்தலாகாது.

## இவற்றையும் பார்க்க

* டி. என். ஏ.
* நியூக்கிளியோட்டைடு
* எர்வின் சார்காஃப்
* ஐதரசன் பிணைப்பு